இடது கைக் குழந்தை எழுத ஆரம்பிக்கும்போது முதலில் திருப்ப வேண்டியது நோட்டை

இடது கையால் எழுதத் தொடங்கும் ஐந்து வயதுப் பிள்ளைகள் பலரிடம் ஒரே காட்சியைப் பார்க்கலாம். மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியிருக்கும். கை, எழுதும் வரிக்கு மேலே ஏறிப் போய், விரல்கள் அங்கிருந்து கீழ்நோக்கி எழுதும். தோள் தூக்கியிருக்கும். பார்க்கிற பெரியவர்கள் உடனே விரலைத் திருத்தப் போவார்கள், "பென்சிலை ஒழுங்காப் பிடி" என்பார்கள். சென்னையில் மழலையர் வகுப்பு எடுக்கிறவள் என்ற முறையில் நான் சொல்வது ஒன்றுதான்: விரலை அப்புறம் பார்க்கலாம், முதலில் நோட்டு இருக்கும் இடத்தைப் பாருங்கள். மணிக்கட்டு மடங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

தமிழும் இங்கிலீஷும் இடமிருந்து வலமாகப் போகிற எழுத்துகள். வலது கையால் எழுதும்போது கை, எழுதி முடித்த எழுத்தை விட்டு விலகிக்கொண்டே போகும். எழுதியது கண்ணுக்குத் தெரியும், பென்சிலை இழுத்துக்கொண்டு போனால் போதும். இடது கைக்கு இரண்டுமே மாறிவிடும். கை இப்போதுதான் எழுதிய எழுத்தை மூடிக்கொண்டே நகரும், பென்சிலையும் இழுக்காமல் தள்ள வேண்டும். நோட்டு வயிற்றுக்கு நேராக, செங்குத்தாக இருந்தால் குழந்தைக்குத் தான் எழுதியது தெரியாது. தெரிய வேண்டுமென்றால் ஒரே வழி, கையை வரிக்கு மேலே கொண்டுபோய் மணிக்கட்டை மடக்குவது. குழந்தை தானாகக் கண்டுபிடித்த வழி அது. அதைக் கண்டித்துப் பயன் இல்லை. மடக்க வேண்டிய அவசியத்தை நாம் எடுத்துவிட்டால், ஐந்து வயதில் மணிக்கட்டு தானாகவே நிமிர்ந்துகொள்ளும்.

எந்தக் கை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு ஐந்து வயதுக்குள் எந்தக் கை என்பது ஓரளவு நிலைத்துவிடும். பல் தேய்ப்பது, பந்து எறிவது, மூடியைத் திருகுவது எல்லாம் எந்தக் கையில் நடக்கிறது என்று இரண்டு வாரம் சும்மா கவனியுங்கள். பொருளை நீட்டும்போது உடம்புக்கு நேராக, நடுவில் நீட்டுங்கள். ஒரு பக்கமாக நீட்டினால் பக்கத்தில் இருக்கிற கைதான் வரும். பெரும்பாலும் இடது கைதான் வருகிறது என்றால் எழுதுவதற்கும் அதுதான். மாற்றப் பார்க்காதீர்கள்.

வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் சாப்பாட்டுக் கை பற்றிய பேச்சு கட்டாயம் வரும். சோத்தாங்கையால் சாப்பிடப் பழகிக்கொண்டு, எழுதுவதை இடது கையால் செய்கிற பிள்ளைகள் நிறைய உண்டு. அது அந்தந்த வீட்டுப் பழக்கம், நான் அதில் தலையிடுவதில்லை. ஆனால் எழுதும்போது "பீச்சாங்கையால எழுதாதே" என்ற சொல் குழந்தையின் காதில் விழவே கூடாது. விஜயதசமியன்று அரிசியில் எழுதும்போது வலது விரலைப் பிடித்து எழுத வைத்துவிட்டார்களே என்று கவலைப்பட வேண்டாம். அது அன்றைக்கு ஒரு நாள் சடங்கு. மறுநாள் தட்டில் அரிசியையோ ரவையையோ பரப்பி, இடது கை ஆள்காட்டி விரலால் எழுத விடுங்கள், அது நல்ல பயிற்சி.

நோட்டை வைக்கும் விதம்

இதை நிதானமாகச் செய்யுங்கள். குழந்தையை மேசையில் உட்கார வைத்து, கையில் எதுவும் கொடுக்காமல், இடது முன்கையை வசதியாக மேசைமேல் போடச் சொல்லுங்கள். கை நேராக முன்னால் நீளாது. முழங்கை இடது ஓரத்தில் இருக்க, விரல்கள் சற்று வலப்பக்கம் சாய்ந்து வந்து நிற்கும். அந்தச் சாய்வுதான் உங்களுக்கு அளவுகோல். நோட்டின் பக்கவாட்டு விளிம்பு அந்த முன்கைக்கு இணையாக இருக்கும்படி நோட்டைத் திருப்புங்கள்.

அப்படித் திருப்பினால் நோட்டின் தலைப்பகுதி வலப்பக்கம் சாய்ந்திருக்கும், கீழ் வலது மூலை குழந்தையின் தொப்புளைப் பார்த்து இருக்கும். எவ்வளவு சாய்வு என்றால், கடிகாரத்தில் 12-ஐக் காட்டும் முள் 1-க்குத் திரும்பினால் அது 30 டிகிரி. அங்கே தொடங்குங்கள். சில பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம், 45 டிகிரி வரை தேவைப்படும். வலது கைப் பிள்ளைகளின் நோட்டு இதற்கு நேர் எதிராக, தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால்தான் வகுப்பில் "எல்லாரும் நோட்டை இப்படி வைங்க" என்று ஒரே மாதிரி சொன்னால் இடது கைப் பிள்ளைக்கு அது தப்பாகப் போகிறது.

சாய்வு மட்டும் போதாது, இடமும் மாற வேண்டும். நோட்டு உடம்பின் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கட்டும். நடுவிலேயே வைத்தால், வரியின் வலது முனைக்கு வரும்போது கை நெஞ்சைக் கடந்து போக வேண்டும், முழங்கை வயிற்றில் இடித்து நிற்கும். அந்த இடத்தில் எழுத்துகள் நெருங்கிச் சுருங்குவதைப் பார்க்கலாம். வரியின் முதல் பாதி நன்றாகவும் கடைசிப் பாதி நசுங்கியும் இருந்தால், குழந்தை அவசரப்படுகிறது என்று நினைக்காதீர்கள். நோட்டை இன்னும் இரண்டு விரல்கடை இடப்பக்கம் தள்ளிப் பாருங்கள்.

இப்போது கையை வையுங்கள். மணிக்கட்டு வரிக்குக் கீழே, நேராக. வலது கை சும்மா மடியில் கிடக்கக் கூடாது. எழுதும் வரிக்குச் சற்று மேலே, நோட்டின் வலது விளிம்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். நம் வீடுகளில் ஃபேன் நின்றால் உட்கார முடியாது, ஓடினால் தாள் பறக்கும். அதனால் இந்தப் பழக்கத்தைப் பிள்ளை தானே புரிந்துகொள்ளும். பக்கத்தின் கீழ்ப்பகுதிக்கு வர வர, கையைக் கீழே இறக்காமல் நோட்டை மேலே தள்ளச் சொல்லுங்கள். கை ஒரே இடத்தில் இருக்கட்டும், நோட்டு நகரட்டும்.

சரியான இடம் கிடைத்ததும் அதை மேசையிலேயே குறித்துவிடுங்கள். வண்ண டேப்பை நோட்டின் இடது விளிம்பை ஒட்டிச் சாய்வாக ஒரு கோடு போல ஒட்டினால் போதும். தினமும் "நோட்டைத் திருப்பு, திருப்பு" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளையே டேப் கோட்டோடு நோட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

ஒரு குழந்தையின் நோட்டில் பார்த்தது

எங்கள் அடுக்ககத்தில் கீழ் வீட்டுக் குழந்தை யூகேஜி படிக்கிறாள். "அக்கா, மிஸ் ரொம்ப ஸ்லோன்னு எழுதி அனுப்பிட்டாங்க, வீட்லயும் எழுத மாட்டேங்கறா" என்று அவள் அம்மா நோட்டோடு வந்தார். நாலு கோடு நோட்டு. ஒவ்வொரு வரியின் இடது ஓரத்திலும் மிஸ் ஒரு எழுத்தை மாதிரிக்கு எழுதியிருந்தார், பிள்ளை அதைப் பார்த்து வரி முழுக்க எழுத வேண்டும். முதல் இரண்டு எழுத்துகள் சரியாக இருந்தன. மூன்றாவதிலிருந்து உருவம் மாறிக்கொண்டே போனது. வரி நெடுகச் சாம்பல் நிறத்தில் தேய்ந்த தடம்.

பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்லிப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது. நோட்டு நேராக இருந்தது, மாதிரி எழுத்து அவளுடைய முஷ்டிக்கு அடியில் இருந்தது. ஒரு எழுத்து எழுதுவாள், கையைத் தூக்கி மாதிரியைப் பார்ப்பாள், மறுபடி கையை வைப்பாள். வரிக்கு வரி இதே வேலை. கொஞ்ச நேரத்தில் தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு நினைவிலிருந்து எழுதத் தொடங்கினாள், உருவம் மாறியது அங்கேதான். பக்கத்து வீட்டு வலது கைப் பையன் அதே நோட்டில் மாதிரியை எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே எழுத முடியும். இவளால் முடியாது. மெதுவாக எழுதுகிறாள் என்று எழுதி அனுப்பியதன் உண்மைக் காரணம் இதுதான்.

இரண்டு மாற்றங்கள் செய்தோம். நோட்டை மேலே சொன்னபடி இடப்பக்கம் தள்ளிச் சாய்த்தோம். அப்புறம் அவள் அம்மாவை ஒவ்வொரு வரியின் வலது முனையிலும் அதே மாதிரி எழுத்தை எழுதி வைக்கச் சொன்னேன். வலது முனை வரி முடியும்வரை திறந்தே இருக்கும், கை அதை மூடாது. அன்று முதல் வரியை எழுதும்போதே அவள் கையைத் தூக்குவது நின்றுவிட்டது.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. நோட்டைச் சாய்த்ததும் கோடுகள் தனக்குச் சரிவாகத் தெரிகின்றன என்று நோட்டை மறுபடி நேராக்கப் பார்த்தாள். அதற்கு நான் கோடு இல்லாத வெள்ளைத் தாளைச் சாய்த்து வைத்து, பெரிய பெரிய வட்டங்களும் அலைகளும் வரையச் சொன்னேன். அதில் சாய்வு பழகியதும் நோட்டுக்கு வந்தோம். கூடுதலாகச் சாய்த்துவிட்டாலும் தெரிந்துவிடும். பிள்ளை தலையையும் சேர்த்து ஒரு பக்கமாகச் சாய்க்கும், எழுத்துகளும் ஒரே பக்கமாகச் சரியும். அப்போது சாய்வைக் கொஞ்சம் குறையுங்கள்.

தேய்ந்த தடத்துக்கு நம் ஊர் வியர்வையும் ஒரு காரணம். ஈரக் கை பென்சில் தூளை வரி முழுக்க இழுத்துக்கொண்டு போகும். மணிக்கட்டு வரிக்குக் கீழே வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். மீதிக்கு, கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்து, கையோடு நகர்த்தப் பழக்கலாம்.

பென்சில்

வலது கைப் பிள்ளைகள் வழக்கமாகப் பிடிப்பதைவிட இடது கைப் பிள்ளை சற்று மேலே பிடிக்க வேண்டும். கூர்முனையிலிருந்து ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். ஸ்கேலை வைத்து அளந்து அந்த இடத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள். விரல்கள் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. முனையை ஒட்டிப் பிடித்தால் விரல்களே எழுத்தை மறைக்கும், மறுபடி மணிக்கட்டு மடங்கத் தொடங்கும்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பென்சிலைப் பிடிக்க, நடுவிரலின் பக்கவாட்டில் பென்சில் சாய்ந்திருக்கட்டும். பென்சிலின் பின்முனை இடது தோளை நோக்கி இருந்தால் பிடி சரி என்று அர்த்தம். நெஞ்சை நோக்கியோ முன்பக்கமாகவோ இருந்தால் மணிக்கட்டு மடங்கியிருக்கிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்க மறுத்தால், சின்னப் பஞ்சு உருண்டையை அந்த இரண்டு விரலுக்குள் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு விரலால் பிடிக்கிற பிள்ளையை நான் திருத்துவதில்லை. கை வலிக்காமல், விரல்கள் தாராளமாக அசைந்தால் அந்தப் பிடியும் நல்ல பிடிதான்.

வலது கைக்காரர்கள் பிடியைக் கற்றுக்கொடுக்கும்போது பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்காருங்கள். உங்கள் வலது கை, பிள்ளையின் இடது கைக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நேர்பட்டு நிற்கும், பார்த்து அப்படியே செய்யலாம். எழுத்தை எழுதிக் காட்டுவதற்கு மட்டும் எதிரே உட்காராதீர்கள், எழுத்து தலைகீழாகத் தெரியும். அதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்கள் கை மறைக்காதபடி காட்டுங்கள்.

பென்சில் மென்மையாக இருக்கட்டும், 2B கேட்டு வாங்குங்கள். ட, ப எழுதும்போது வருகிற படுக்கைக் கோட்டை இடது கை தள்ளித்தான் எழுத வேண்டும். கடினமான முனை தாளில் குத்தி நிற்கும், பிள்ளை இன்னும் அழுத்தும். அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். இங்கிலீஷ் T, H போன்றவற்றின் குறுக்குக் கோட்டைப் பிள்ளை வலமிருந்து இடமாக இழுத்தால் விட்டுவிடுங்கள். இடது கைக்கு அதுதான் இழுக்கிற திசை.

எழுத்தைத் திருப்பிப் போடுவதும், வரியை வலப்பக்கத்திலிருந்து தொடங்குவதும் இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. தொடங்கும் இடத்தில், இடது ஓரத்தில், ஒரு பச்சைப் புள்ளி வைத்தால் போதும்.

உட்காரும் இடம்

டைனிங் டேபிளில் உட்கார வைத்தால் பெரும்பாலும் மேசை குழந்தையின் மார்பு உயரத்துக்கு வரும், கால் தொங்கும். முழங்கை மடங்கியிருக்கும் உயரத்தில் மேசைப் பரப்பு வர வேண்டும். நாற்காலியில் கெட்டியான தலையணை போட்டு உயர்த்துங்கள், காலுக்கு அடியில் முக்காலியோ அட்டைப் பெட்டியோ வையுங்கள். பாதம் முழுதாகப் பதிய வேண்டும். தரையில் சம்மணம் போட்டு எழுதும் வீடுகளில், நோட்டைத் தரையில் வைக்காமல் சாய்வான சின்ன மேசை கொடுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் தடித்த பெரிய ஃபைல், தடித்த பக்கம் பிள்ளைக்கு எதிரே இருக்கும்படி மேசைமேல் வைத்தாலே சாய்வு கிடைக்கும். சாய்வான பரப்பில் மணிக்கட்டை உள்ளே மடக்குவது கடினம், அதனால் இது இடது கைக்கு மிகவும் உதவும்.

வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வரட்டும். ட்யூப்லைட்டோ ஜன்னலோ இடப்பக்கம் இருந்தால், கையின் நிழல் எழுதும் இடத்திலேயே விழும். நாற்காலியைத் திருப்பிப் போட்டாலே சரியாகிவிடும்.

பள்ளியில் பெஞ்சு. இங்கே ஒரே விதி, பிள்ளையின் இடப்பக்கம் யாரும் இருக்கக் கூடாது. பெஞ்சின் இடது முனையில் உட்கார்ந்தால் முழங்கை இடைவெளியில் தாராளமாக அசையும். நடுவிலோ வலது முனையிலோ உட்கார்ந்தால், பக்கத்துப் பிள்ளையின் வலது முழங்கையோடு இடிபடும். பிறகு கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மணிக்கட்டை மடக்கியே எழுதும். கீழ் வீட்டுக் குழந்தை வீட்டில் நேராக எழுதிவிட்டுப் பள்ளியில் பழையபடி எழுதியதற்கு இதுதான் காரணம். மூன்று பேர் பெஞ்சில் அவள் நடுவில் இருந்தாள். பெஞ்சும் குறுகல், விரித்த நோட்டைச் சாய்க்க இடமில்லை. அவளுடைய நோட்டை எழுதும் பக்கம் மட்டும் மேலே இருக்கும்படி பின்னால் மடித்து வைக்கப் பழக்கினோம். அதனால் இடமும் மிச்சம், வலது பக்கத்தில் எழுதும்போது கைக்கு அடியில் தடிமனாக எதுவும் இடறாது.

அவள் அம்மா டைரியில் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: "மிஸ், பாப்பா இடது கையால் எழுதுகிறாள். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்க முடியுமா? நோட்டைச் சாய்த்து வைத்தால் விட்டுவிடுங்கள். மாதிரி எழுத்தை வரியின் வலது பக்கமும் எழுதிக் கொடுத்தால் அவளுக்குத் தெரியும்." அடுத்த வாரமே இடம் மாறியது. இப்படி மூன்றே விஷயத்தை நேரடியாகக் கேட்டால் எந்த மிஸ்ஸும் செய்துவிடுவார். வகுப்பில் இன்னொரு இடது கைப் பிள்ளை இருந்தால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கலாம், முழங்கை இடிக்காது.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது

இவ்வளவும் செய்து சில வாரங்கள் கழித்தும் எழுதும்போது கை வலிக்கிறது என்று சொன்னால், ஆறு வயதைத் தாண்டியும் இரண்டு கையும் மாறி மாறி எழுதினால், அல்லது வலது கை தாளைப் பிடிக்கக்கூட வராமல் பலவீனமாகத் தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இதுவரை வலது கையால் செய்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று இடது கைக்கு மாறினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள். அரசு மருத்துவமனை என்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. தேவைப்பட்டால் மருத்துவரே ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்புவார். போகும்போது பள்ளி நோட்டை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை எழுதும்போது ஒரு நிமிட வீடியோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடது முன்பக்கத்திலிருந்து, மணிக்கட்டும் நோட்டின் நான்கு மூலைகளும் தெரியும்படி எடுத்தால் அவர்கள் பார்க்க வேண்டியது எல்லாம் அதில் இருக்கும்.